மொழி மாடல் இல்லாத தேதியை ஏன் சொல்கிறது? முன்பயிற்சி, ஃபைன்-டியூனிங், ஹாலுசினேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல் “அடுத்த சொல்லை ஊகிக்கிறது, அவ்வளவுதான்” என்கிறார்களே. முன்பயிற்சியில் நிஜமாகவே அது மட்டும்தான் நடக்கிறதா?

ஆம். முன்பயிற்சி என்பது திரட்டிய எழுத்தைக் கொண்டு மாடலுக்குத் தரும் முதல் பயிற்சி. அந்தக் கட்டத்தில் மாடலுக்குத் தரப்படும் வேலை அது ஒன்றுதான்.

இணையப் பக்கங்கள், நூல்கள், கலைக்களஞ்சியக் கட்டுரைகள், கணினி நிரல்கள் என்று திரட்டிய எழுத்து முழுவதையும் முதலில் டோக்கன்களாக வெட்டுகிறார்கள். ஒரு டோக்கன் முழுச் சொல்லாக இருக்கலாம், சொல்லின் ஒரு துண்டாகவும் இருக்கலாம். 2019-இல் வந்த ஜிபிடி-2 மாடலிடம் இப்படி 50,257 டோக்கன்கள் இருந்தன. ஏதோ ஒரு பத்தியின் தொடக்கத்தை மாடலுக்குக் காட்டினால், தன்னிடம் உள்ள ஒவ்வொரு டோக்கனும் அடுத்ததாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது ஒரு பட்டியல் தரும். அந்தப் பத்தியில் உண்மையாகவே அடுத்து இருந்த டோக்கனுக்கு அது கொடுத்திருந்த நிகழ்தகவு p எவ்வளவு என்று பார்த்து, loss எனப்படும் பிழையைக் கணக்கிடுவார்கள்.

```
loss = -ln(p)
```

சரியான டோக்கனுக்கு 0.02 கொடுத்திருந்தால் பிழை ஏறத்தாழ 3.9. அதே டோக்கனுக்கு 0.6 கொடுத்திருந்தால் பிழை 0.5 அளவுக்கு இறங்கிவிடும். பிழை குறையும் திசையில் மாடலுக்குள் இருக்கும் எண்களை, அதாவது பாராமீட்டர்களை, மிகச் சிறிதளவு நகர்த்துவார்கள். பிறகு அடுத்த பத்தி. 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 மாடலில் இப்படி நகர்த்தப்பட்ட பாராமீட்டர்கள் 17,500 கோடி, பயிற்சியில் அது கடந்துவந்த டோக்கன்கள் ஏறத்தாழ 30,000 கோடி. 2024-இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட லாமா 3 மாடலுக்கு டோக்கன்களின் எண்ணிக்கை 15 லட்சம் கோடியைத் தாண்டியது.

கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. எழுத்தில் அடுத்து என்ன இருந்தது என்பது மட்டுமே இதில் மதிப்பெண் பெறுகிறது. அந்த வாக்கியம் உண்மையா, பொய்யா என்ற குறிப்பு எந்தப் பத்தியோடும் ஒட்டப்பட்டு வருவதில்லை. பொய்யான வாக்கியங்களைத் தனியே எடுத்து, “இது தவறு” என்று காட்டும் பாடமும் இந்தக் கட்டத்தில் கிடையாது.

அப்படியானால் அதற்கு உலக விஷயங்கள் எப்படித் தெரிகின்றன?

அடுத்த டோக்கனை நன்றாகக் கணிக்க வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். “ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1879-ஆம் ஆண்டு மார்ச்” என்று ஒரு வாக்கியம் நின்றால், அடுத்து 14 வரும் என்று சொல்லும் மாடலுக்குப் பிழை குறையும். இந்தத் தேதி வாழ்க்கை வரலாறுகளிலும் பாடக் குறிப்புகளிலும் “இன்று பிறந்தவர்கள்” பட்டியல்களிலுமாக எண்ணற்ற இடங்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் பாராமீட்டர்கள் ஒரே திசையில் சற்று நகர்கின்றன. கடைசியில் அந்தத் தேதி மாடலுக்குள் ஊன்றிவிடுகிறது.

ஊன்றும் விதம் நாம் அட்டவணையில் எழுதி வைப்பதைப் போன்றது அல்ல. எந்த ஒரு பாராமீட்டரையும் சுட்டிக்காட்டி “இதில்தான் ஐன்ஸ்டைனின் பிறந்தநாள் இருக்கிறது” என்று சொல்ல முடியாது. எந்தத் திசையில் படித்ததோ அந்தத் திசையிலேயே தகவல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. 2023-இல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். டாம் குரூஸின் தாயார் யார் என்று கேட்டால் ஜிபிடி-4 சரியாகப் பெயர் சொன்னது. அந்தப் பெயரைக் கொடுத்து, இவருடைய மகன் யார் என்று திருப்பிக் கேட்டபோது திணறியது. எழுத்தில் நடிகரிலிருந்து தாயாருக்குப் போகும் வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன, தாயாரிலிருந்து நடிகருக்கு வருபவை குறைவு.

ஆகவே ஒரு தகவல் எத்தனை முறை, எத்தனை விதமான வாக்கியங்களில் வந்தது என்பதே அது உள்ளே தங்குவதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

முன்பயிற்சி மட்டும் முடிந்த மாடலிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

ஒரு கேள்வியை மட்டும் எழுதி விட்டால், அதற்குப் பதிலாக இன்னும் நான்கு கேள்விகளை அடுக்கக்கூடும். கேள்வித்தாள்களில் ஒரு கேள்வியை அடுத்து இன்னொரு கேள்விதானே வருகிறது! அதற்குத் தெரிந்தது ஆவணங்களைத் தொடர்ந்து எழுதுவது. முதலில் சில கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் எழுதிக் காட்டி, கடைசியில் நம் கேள்வியை வைத்தால், அந்த அமைப்பைப் பிடித்துக்கொண்டு பதில் தரும்.

இந்த மாடலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதன் நிகழ்தகவுகள் பெரும்பாலும் நேர்மையானவை. 70 விழுக்காடு வாய்ப்பு என்று அது கணக்கிட்டவற்றில் சுமார் 70 விழுக்காடு சரியாக இருக்கும். ஜிபிடி-4 பற்றி அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு வரைபடமே உண்டு. அதே வரைபடத்தின் இன்னொரு பாதி அவ்வளவு மகிழ்ச்சி தருவதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஃபைன்-டியூனிங்கில் புதிதாக என்ன சேர்க்கிறார்கள்?

ஃபைன்-டியூனிங் என்பது முன்பயிற்சிக்குப் பின் வரும் திருத்தப் பயிற்சி. இதில் சேர்ப்பது பெரும்பாலும் நடத்தையை. அறிவைச் சேர்ப்பது மிகக் குறைவு.

முதல் படியில் மனிதர்கள் எழுதிய கேள்வி–பதில் இணைகளைக் கொடுத்து, அதே அடுத்த-டோக்கன் பயிற்சியைத் தொடர்கிறார்கள். வழக்கமாக இங்கே பதிலின் டோக்கன்களுக்கு மட்டுமே பிழை கணக்கிடப்படும், கேள்வி வெறும் சூழலாக நிற்கும். இரண்டாம் படியில் ஒரே கேள்விக்கு மாடல் தரும் பல பதில்களை மனிதர்கள் தரவரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையைக் கற்றுக்கொள்ளும் இன்னொரு மாடல், எந்தப் பதில் மனிதருக்குப் பிடிக்கும் என்று மதிப்பெண் போடப் பழகுகிறது. அந்த மதிப்பெண் கூடும் திசையில் முதல் மாடலைத் திருத்துகிறார்கள்.

2022-இல் வந்த இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வில் முதல் படிக்குப் பயன்பட்ட கேள்விகள் ஏறத்தாழ 13,000. முன்பயிற்சியின் 30,000 கோடி டோக்கன்களுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இப்படித் திருத்தப்பட்ட 130 கோடி பாராமீட்டர் மாடலின் பதில்களை, திருத்தப்படாத 17,500 கோடி பாராமீட்டர் ஜிபிடி-3 தந்தவற்றைவிட மதிப்பீட்டாளர்கள் விரும்பினார்கள். சிறிய மாடலுக்கு உலகம் கூடுதலாகத் தெரிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், இந்தத் தொனியில் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அது பழகியிருந்தது.

ஹாலுசினேஷன் என்றால் மாடல் தவறாகச் சொல்வது எல்லாமேதானா?

அப்படி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. காரணம் வேறானால் தீர்வும் வேறு.

பரவலாக நம்பப்படும் ஒரு தவறான செய்தியை மாடல் திருப்பிச் சொன்னால், அது தான் படித்ததைச் சரியாகவே ஒப்பிக்கிறது, கோளாறு படித்த எழுத்தில் இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு மாறிவிட்ட ஒரு விஷயத்தைப் பழையபடி சொன்னால், அது காலாவதியான அறிவு. நீண்ட கணக்கில் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டால், அது கணக்குப் பிழை.

ஹாலுசினேஷன் என்று நான் சொல்வது, மாடலிடம் எந்த ஆதாரமும் இல்லாத இடத்தில், ஆதாரம் இருப்பது போன்ற அதே நடையில், குறிப்பான ஒரு தகவல் பிறப்பதை. ஆய்வாளர்கள் இதிலும் இரண்டைப் பிரிக்கிறார்கள். கையில் கொடுத்த ஆவணத்தில் இல்லாததைச் சுருக்கத்தில் சேர்ப்பது ஒன்று. எந்த ஆவணமும் தராதபோது உலகத்தைப் பற்றி இல்லாததைச் சொல்வது மற்றொன்று. இங்கே பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பேசுகிறேன்.

மாடலுக்குள் “உண்மை சொல்லும் பகுதி”, “கற்பனை செய்யும் பகுதி” என்று இரண்டு கிடையாது. ஐன்ஸ்டைனின் பிறந்தநாளைச் சரியாகச் சொன்னதும், யாரும் கேள்விப்படாத ஒருவருக்கு ஒரு பிறந்தநாளைக் கட்டியதும் ஒரே செயல்பாடுதான். ஒன்றில் நிகழ்தகவு முழுவதும் ஒரே தேதியின் மேல் குவிந்திருந்தது, மற்றொன்றில் சிதறிக் கிடந்தது.

ஒரு பொய்த் தேதி எப்படி உருவாகிறது என்று படிப்படியாகக் காட்ட முடியுமா?

ஒரு தாவரவியலாளரைக் கற்பனை செய்துகொள்வோம். 1960-களில் சில ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். அவருடைய பிறந்தநாள் ஒரே ஓர் இரங்கல் குறிப்பில் மட்டும் அச்சாகியிருக்கிறது. “இவர் எப்போது பிறந்தார்?” என்று மாடலிடம் கேட்கிறோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, செயல்முறை மட்டும் உண்மையானது.

பதிலின் முதல் டோக்கன் எது? “அவர்” என்று தொடங்கலாம், “எனக்கு” என்றும் தொடங்கலாம். இந்த இடத்தில்தான் “எனக்குத் தெரியவில்லை” என்ற பாதை பிரிகிறது. ஒருவரைப் பற்றிய குறிப்பு எழுதுபவர்கள் தெரியாததை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே “இவருடைய பிறந்தநாள் எனக்குத் தெரியாது” என்று தொடங்கும் எழுத்தை மாடல் மிக அரிதாகவே பார்த்திருக்கும். அது “அவர்” பக்கம் சாய்கிறது.

அடுத்தது ஆண்டு. 1960-களில் கட்டுரை எழுதியவர் என்பதால் 1920 முதல் 1939 வரை எதுவும் இருக்கலாம். நிகழ்தகவு அந்த இருபது ஆண்டுகளிலும் பரவி, ஒவ்வொன்றுக்கும் 5 விழுக்காடு அளவில் நிற்கிறது. இவற்றில் ஒன்று தேர்வாக வேண்டும். 1931 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குப் பன்னிரண்டு வாய்ப்புகள், ஒவ்வொன்றும் 8 விழுக்காடு. செப்டம்பர் வருகிறது. நாளுக்கு முப்பது வாய்ப்புகள், ஒவ்வொன்றும் 3 விழுக்காடு. 17 வருகிறது. அதற்கடுத்து “பிறந்தார்” என்ற சொல் வர 99 விழுக்காடு வாய்ப்பு. வாக்கியம் அழகாக முடிந்துவிடுகிறது.

பெருக்கிப் பாருங்கள். 0.05 × 0.08 × 0.03 என்றால் 0.00012. இந்தத் தேதி சரியாக இருக்க ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். மாடலுக்குள் மூன்று இடங்களில் பெரிய சந்தேகம் இருந்தது, மூன்றும் எண்களாகவே பதிவாகியும் இருந்தன. ஆனால் நம் திரைக்கு வந்தது தேர்வான டோக்கன்கள் மட்டும். “அவர் 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று பிறந்தார்.” ஐன்ஸ்டைனைப் பற்றிய வாக்கியமும் இதே உருவத்தில்தான் இருக்கும்.

கதை அங்கே நிற்பதில்லை. எழுதிய 1931 இப்போது மாடல் படிக்கும் சூழலின் பகுதியாகிவிட்டது. அடுத்த வாக்கியத்தில் பட்டம் பெற்ற ஆண்டைச் சொல்ல நேர்ந்தால், 1931-க்குப் பொருந்தும்படி 1952, 1953 என்று ஏதாவது வரும். “முப்பது வயதில் முதல் கட்டுரையை வெளியிட்டார்” என்பதும் அதோடு ஒத்துப்போகும். தன்னுடைய ஊகத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு மேலே மேலே கட்டுகிறது. படிப்பவருக்கோ தகவல்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருப்பதே நம்பிக்கை தருகிறது.

பயிற்சிக்கான எழுத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் சுத்தம் செய்துவிட்டால் இது போய்விடுமா?

குறையும், போகாது. மேலே பார்த்த தாவரவியலாளரின் இரங்கல் குறிப்பில் எந்தத் தவறும் இல்லையே!

ஆடம் கலாய், சந்தோஷ் வேம்பாலா ஆகியோர் இதைக் கணிதமாகவே காட்டியிருக்கிறார்கள். அவர்களும் சக ஆய்வாளர்களும் 2025-இல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தநாள்தான் எடுத்துக்காட்டு. பயிற்சி எழுத்தில் வரும் பிறந்தநாள்களில் 20 விழுக்காடு ஒரே ஒரு முறை மட்டும் வருகின்றன என்றால், முன்பயிற்சி மட்டும் முடிந்த மாடல் பிறந்தநாள் கேள்விகளில் குறைந்தது ஏறத்தாழ 20 விழுக்காட்டில் இல்லாததைச் சொல்லும் என்று எதிர்பார்க்கலாம்.

ஏன் “ஒரே ஒரு முறை”? இதற்குப் பின்னால் ஆலன் டூரிங் காலத்திலிருந்து வரும் ஒரு புள்ளியியல் கருத்து இருக்கிறது. ஒரு மாதிரித் திரட்டில் ஒரே முறை தென்பட்டவற்றின் பங்கு, இன்னும் தென்படாமல் வெளியே இருப்பவற்றின் பங்கைக் காட்டிக்கொடுக்கும். ஒற்றை வரவுகள் நிறைய இருந்தால், நம் திரட்டு உலகத்தை முழுதாகத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒருவருடைய பிறந்தநாளை வேறு எதிலிருந்தும் தருவிக்க முடியாது. இலக்கணத்தைப் போல அதற்கு விதி எதுவும் இல்லை. அதனால்தான் மாடல்கள் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொண்டே தேதியில் தடுக்கி விழுகின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இது எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியே தீரும் மாடலுக்கான கணக்கு. “தெரியாது” என்று ஒதுங்கும் மாடலை இந்தக் கணக்கு கட்டுப்படுத்தாது. அந்த ஒதுங்கலைக் கற்றுத்தர வேண்டிய இடம் ஃபைன்-டியூனிங்.

அப்படியானால் ஃபைன்-டியூனிங் ஹாலுசினேஷனைக் குறைக்கத்தானே செய்யும்?

குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். எதைக் கொண்டு பயிற்றுவிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பதில் எழுதும் மனிதருக்கு மாடலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. அந்தத் தாவரவியலாளரின் பிறந்தநாளை அவர் தேடிக் கண்டுபிடித்து எழுதினால், அந்தத் தேதி மாடலிடம் இல்லாத நிலையில் மாடல் கற்பது என்ன? “இப்படிக் கேட்டால் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும்” என்ற பழக்கத்தை. மாறாக, மாடலுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு அந்த மனிதர் “தெரியாது” என்று எழுதினால், தெரிந்ததை மறைக்கும் பழக்கம் வருகிறது. 2024-இல் வந்த ஓர் ஆய்வு முதல் வகையை அளந்து பார்த்தது. மாடலுக்கு ஏற்கெனவே தெரியாத தகவல்களைக் கொண்டு ஃபைன்-டியூனிங் செய்தால், மாடல் அவற்றை மெதுவாகத்தான் கற்கிறது. கற்கக் கற்க, முன்பு சரியாகச் சொன்ன கேள்விகளிலும் தவறுகள் கூடுகின்றன.

இரண்டாம் படியிலும் ஒரு சாய்வு உண்டு. தயங்காமல் விவரமாகச் சொல்லும் பதில் மனிதருக்குப் பிடிக்கிறது, தரவரிசையிடுபவர் ஒவ்வொரு தேதியையும் சரிபார்ப்பதில்லை. ஜிபிடி-4 அறிக்கையின் வரைபடத்தைப் பற்றி முன்பு சொன்னேனே, அதன் மறுபாதி இதுதான்: முன்பயிற்சியின் முடிவில் நேர்மையாக இருந்த நிகழ்தகவுகள், அதற்குப் பிந்தைய பயிற்சிக்குப் பிறகு அந்த நேர்மையைப் பெரிதும் இழந்திருந்தன.

மூன்றாவது காரணம் மாடல்களை அளக்கும் தேர்வுகளில் இருக்கிறது. மைனஸ் மார்க் இல்லாத தேர்வில் தெரியாத கேள்வியை யாராவது விடுவார்களா? பெரும்பாலான தேர்வுகளில் சரி என்றால் 1, தவறு என்றால் 0, தெரியாது என்றாலும் 0. பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள தேதியைச் சொல்வதுகூட, சொல்லாமல் இருப்பதைவிட லாபம். தவறுக்கு 9 மதிப்பெண் கழித்தால் நிலைமை மாறும். அப்போது 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி இருந்தால் மட்டுமே பதில் சொல்வது கட்டுப்படியாகும். 2025 கட்டுரையின் பரிந்துரையும் இதுதான்: எவ்வளவு உறுதி இருந்தால் பதில் சொல்லலாம் என்பதைக் கேள்வியிலேயே அறிவித்து, அதற்கேற்ப மதிப்பெண் கழியுங்கள். இருக்கிற யோசனைகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இது ஊகிப்பதால் வரும் லாபத்தையே நீக்கிவிடுகிறது.

“தெரியாது” என்று சொல்ல ஒரு மாடலை எப்படித்தான் பழக்குகிறார்கள்?

லாமா 3 குழு 2024-இல் விவரித்த முறை தெளிவானது. முன்பயிற்சியில் பயன்பட்ட எழுத்திலிருந்து ஒரு துண்டை எடுக்கிறார்கள். அந்தத் துண்டில் விடை இருக்கும்படி ஒரு கேள்வியை மாடலைக் கொண்டே உருவாக்குகிறார்கள். பிறகு துண்டைக் காட்டாமல், அதே மாடலிடம் அந்தக் கேள்வியைப் பல முறை கேட்கிறார்கள். வந்த பதில்களைத் துண்டோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் விவரமாகவும் தவறாகவும் பதில் வந்தால், அந்தக் கேள்விக்கு மறுப்புப் பதிலை உருவாக்கிப் பயிற்சியில் சேர்க்கிறார்கள்.

இந்த முறையில் “தெரியாது” என்று எங்கே சொல்வது என்பதைத் தீர்மானிப்பது மனிதரின் ஊகம் அல்ல, மாடலின் சொந்தப் பதில்கள். புதுத் தகவல் எதையும் இது திணிப்பதில்லை. மேலே பிரித்துக் காட்டிய “அவர்” – “எனக்கு” என்ற கிளையில், உள்ளே நிகழ்தகவு சிதறிக் கிடக்கும்போது “எனக்கு” பக்கம் திரும்பக் கற்பிக்கிறது. அளவு மிஞ்சினால் தெரிந்ததற்கும் மறுக்கும் மாடல் கிடைக்கும். அந்தச் சமநிலையை ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

டெம்பரேச்சரை 0 ஆக்கினால் கற்பனை நின்றுவிடாதா?

நிற்காது. டெம்பரேச்சர் என்பது டோக்கனைத் தேர்வு செய்வதில் எவ்வளவு தற்செயல் இருக்கலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. அது 0 என்றால் எப்போதும் மிக உயர்ந்த நிகழ்தகவுள்ள டோக்கனையே எடு என்று பொருள். சிதறிக் கிடக்கும் இருபது ஆண்டுகளில் 5.1 விழுக்காடு உள்ளது 5 விழுக்காடு உள்ளதை முந்திவிடும். தவறான தேதி வருவது அப்படியே இருக்கும், கேட்கும்போதெல்லாம் அதே தவறு வரும் என்பதுதான் மாற்றம்.

ஆவணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால்?

பெரிதும் உதவும். இரங்கல் குறிப்பையே சூழலில் வைத்துவிட்டால், நிகழ்தகவு அதில் உள்ள தேதியின் மேல் குவியும். தேடலோடு இணைந்த அமைப்புகள் இதைத்தான் செய்கின்றன. இதில் எஞ்சும் ஆபத்துகள் இரண்டு. தேடல் அதே பெயர் கொண்ட வேறொருவரின் குறிப்பை எடுத்துத் தரலாம். அல்லது கேட்ட தகவல் ஆவணத்தில் இல்லாதபோது, மாடல் தன் ஊகத்தைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பி, அதுவும் ஆவணத்தில் இருந்தது போலவே எழுதிவிடலாம்.

தமிழில் கேட்டால் தவறு கூடுமா?

கூடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2023-இல் வந்த லாமா 2 மாடலின் முன்பயிற்சி எழுத்தில் 89.7 விழுக்காடு ஆங்கிலம். மீதியில் பெரிய பங்கு, நிரல்களும் அடங்கிய, மொழி அடையாளம் காணப்படாத எழுத்துக்குப் போக, எஞ்சியதை மற்ற எல்லா மொழிகளும் பங்கிட்டுக்கொண்டன. ஆங்கிலத்தில் ஆயிரம் முறை வந்த ஒரு செய்தி தமிழில் ஒரு முறை வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் கற்றது ஓரளவு தமிழுக்கும் வந்து சேர்கிறது, எல்லாம் சேர்வதில்லை. தமிழில் மட்டுமே எழுதப்பட்ட விஷயங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒற்றை வரவுகளின் பங்கு அங்கே மிக அதிகம். வாக்கியம் செம்மையான தமிழில் வருகிறது என்பதால் விஷயமும் செம்மையாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. மொழிநடைக்குத் தேவையான எழுத்து குறைவு, தகவலுக்குத் தேவையானது மிக அதிகம்.

ஒரு பதில் ஊகமா, அறிந்து சொன்னதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடலிடமே “இது உண்மையா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லை. அவை உண்மையானவையா என்று அதனிடமே கேட்டிருந்தார்கள், ஆம் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தான் முன்பு எழுதிய வரிகள் சூழலில் இருக்கும்போது, அவற்றோடு ஒத்துப்போகும் தொடர்ச்சியையே மாடல் எழுதும் என்பதைத் தாவரவியலாளர் கதையில் பார்த்தோம்.

அதைவிடப் பயனுள்ள வழி, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலைத் தொடங்கி அதே கேள்வியைச் சில முறை, சற்று வேறு சொற்களில் கேட்பது. டெம்பரேச்சர் 0 இல்லாமல் இருக்க வேண்டும். ஐன்ஸ்டைனுக்கு ஒவ்வொரு முறையும் மார்ச் 14 வரும். தாவரவியலாளருக்கு ஒருமுறை 1931, அடுத்த முறை 1927, பிறகு 1934 என்று அலையும். நம் திரைக்கு வராமல் உள்ளேயே நின்றுவிட்ட அந்தச் சிதறலை இப்படி வெளியே இழுத்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். அவர்கள் சொற்களை ஒப்பிடாமல் பொருளை ஒப்பிட்டார்கள். “1931-இல் பிறந்தார்”, “பிறந்த ஆண்டு 1931” ஆகிய இரண்டையும் ஒரே பொருளாகக் கூட்டி, பொருள்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று அளந்தார்கள். சிதறல் கூடிய இடங்களில் தவறுகளும் கூடியிருந்தன.

எந்த வகைத் தகவலைச் சோதிக்க வேண்டும் என்பதையும் மேலே சொன்னவற்றிலிருந்தே ஊகிக்கலாம். தேதி, பக்க எண், வழக்கின் பெயர், ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு, இணைய முகவரி, மேற்கோள் வரி: இவை எவற்றையும் வேறொன்றிலிருந்து தருவிக்க முடியாது, பெரும்பாலும் அரிதாக வருபவை, ஆனால் உருவம் மட்டும் மிகவும் பழகியது. பதிலின் பொதுவான விளக்கம் சரியாக இருந்து, இந்தச் சிறு விவரங்கள் மட்டும் பொய்யாக இருப்பது மிகச் சாதாரணம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பயிற்சி எழுத்திலேயே தவறான தேதி பல இடங்களில் படியெடுக்கப்பட்டிருந்தால், பத்து முறை கேட்டாலும் அதே தவறான தேதிதான் வரும், சிதறலே இருக்காது. மாடல் அப்போது ஊகிக்கவில்லை, படித்ததைத்தான் சொல்கிறது. அதைப் பிடிக்க அந்த இரங்கல் குறிப்பைத் தேடி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.